மூன்று லகரமும் மூன்று னகரமும்

மாணவர்களே, தமிழில் ‘ல’ என்னும் ஓசைக்கு நெருங்கிய எழுத்துகள் மூன்று: ல, ள, ழ. ‘ன’ என்னும் ஓசைக்கு நெருங்கியவையும் மூன்று: ந, ன, ண. பயிற்சித்தாளில் ‘சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுதுக’ என்றவுடன் உங்களுள் பலர் எழுதுகோலை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பதுண்டு. ‘எல்லாம் ஒரே மாதிரிதானே கேட்கிறது, ஐயா?’ என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. மதுரை, தேனி, திருநெல்வேலி முதலிய ஊர்களிலிருந்து வந்த குடும்பங்களில் ‘வாழைப்பழம்’ என்பது பேச்சில் ‘வாளப்பளம்’ என ஒலிப்பது இயல்பு. வீட்டில் கேளாத ஒலியைத் தாளில் எழுது என்றால் குழந்தை எங்கே போய்த் தேடும்?

தமிழ்நாட்டை விட்டு ஆலுவாவிற்குப் பணிமாற்றம் பெற்று வந்த பிறகே இக்கேள்விக்குரிய விடை எனக்குத் தெளிவாகப் புலப்பட்டது. நாம் தேடும் ஒலிகள் இவ்வூர்த் தெருவிலேயே நாள்தோறும் உலவுகின்றன.

மலையாள மொழி ல, ள, ழ என்னும் மூன்றையும் எழுத்தில் மட்டுமன்றிப் பேச்சிலும் காத்து வருகிறது. மலையாளத் தோழன் ஒருவன் ‘மழ’ என்று சொல்லும்போது ‘மல’ என்றோ ‘மள’ என்றோ நீங்கள் தவறிக் கேட்பதில்லை. ஆலுவாவிலிருந்து மெட்ரோ தொடர்வண்டியில் ஏறிப் பெயர்ப்பலகைகளை மலையாளத்தில் படித்துப் பாருங்கள். ஆலுவா, கலூர் ஆகியவற்றில் லகரம். புளிஞ்சோடு, களமசேரி, இடப்பள்ளி ஆகியவற்றில் ளகரம். ஆங்கிலப் பலகையில் இவை யாவும் ஒரே எழுத்தாகிவிடும். மலையாளப் பலகையிலோ வேறுபாடு நிற்கும். பெரியாறு நம் ஊரில் இரண்டாகப் பிரிகிறதல்லவா? அதன் கிளையாகிய மங்கலப்புழையின் பெயரில் லகரமும் ழகரமும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. அப்பெயரை உரக்கச் சொல்லுங்கள். லகரத்தில் நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ழகரத்தில் நாவின் நுனி பின்னோக்கி வளையும். ஆனால் அண்ணத்தில் ஒட்டாது. ‘புளி’ என்னும்போது வளைந்த நா அண்ணத்தைத் தொட்டு விலகும். எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியல் என்னும் தனி இயலில் விளக்கியுள்ளார். அவர் விளக்கியதை உங்கள் நாவாலேயே சோதித்துக்கொள்ளலாம்.

இனி ஒரு கடிதத்தைப் பார்ப்போம். நம் வகுப்பு மாணவி ஒருத்தி தேனியில் இருக்கும் தன் பாட்டிக்குக் கடிதம் எழுதினாள். அஞ்சலில் சேர்க்கும் முன் என்னிடம் காட்டினாள். அதில் இருந்த வரிகள் இவை:

‘உங்கள் கால் வழி குறைந்ததா? அப்பா தினமும் வேளைக்குச் செல்கிறார். நேற்றுப் பெய்த மழையில் முற்றத்தில் தண்ணீர் நிண்றது. வாளை மரம் சாய்ந்துவிட்டது. என் மநம் உங்களையே நினைக்கிறது.’

பாட்டி எழுத்துக்கூட்டிப் படிப்பவர். பேத்தியின் கடிதத்தை அக்கம்பக்கத்தாருக்கும் படித்துக் காட்டுபவர். ‘தப்பாக எழுதினால் எனக்குத் தமிழ் மறந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள்’ என்பது அவள் கவலை. ஆகவே நான் சிவப்பு மையால் திருத்தவில்லை. ஐந்து சொற்களின் கீழ்க் கோடு மட்டும் இட்டேன். இருவரும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம்.

முதற்சொல் ‘வழி’. ‘மலையாளத்தில் வழி என்றால் என்ன?’ என்று கேட்டேன். ‘போகிற பாதை’ என்றாள். சொல்லியவுடனே சிரித்துவிட்டாள். பாட்டியின் காலில் குறைய வேண்டியது பாதையன்று, வலி. ‘வளி’ என்றால் காற்று. மூன்று எழுத்தும் மூன்று பொருள் தருவதை அப்போது கண்டுகொண்டாள்.

இரண்டாவது ‘வேளை’. காலை வேளை, மாலை வேளை என்பதில் வரும் வேளை பொழுதைக் குறிக்கும். அப்பா செல்வது வேலைக்கு. மலையாளத்திலும் ‘வேல’ என்பதற்குத் தொழில் என்னும் பொருள் உண்டு; பொழுது ‘வேள’. நான்காவது சொல்லாகிய ‘வாளை’ ஆற்றில் நீந்தும் ஒரு மீன். சாய்ந்த மரம் வாழை. ‘வாழ என்று கடைக்காரர் சொல்வாரே!’ என்று அவளே திருத்தினாள்.

ஆனால் இத்துணையை முழுவதும் நம்பிவிடலாகாது. தமிழில் ‘பவளம்’ என்பதை மலையாளத்தில் ‘பவிழம்’ என்பர். அதைக் கேட்டுத் தமிழில் ‘பவிழம்’ என்று எழுதுவது பிழையாகும். சில சொற்களில் ஒலி ஒன்றாயினும் பொருள் வேறு. மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். தமிழில் ‘பனி’ காலையில் புல்லின் மேல் படர்வது. ஆகவே மலையாளம் காட்டும் எழுத்தைத் தமிழ் அகராதியிலும் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எஞ்சியவை ‘நிண்றது’, ‘மநம்’ என்னும் இரண்டு. இவற்றுக்கு எந்த அண்டை மொழியும் வேண்டுவதில்லை. தமிழ் நெடுங்கணக்கே விடை சொல்லும். ட, ண என்றும், த, ந என்றும், ற, ன என்றும் இவ்வெழுத்துகள் இணை இணையாக நிற்பதை நினைவுகூருங்கள். வாயில் ஏறத்தாழ ஒரே இடத்தில் பிறக்கும் வல்லினமும் மெல்லினமும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. அதனால்தான் ணகரத்தை டண்ணகரம் என்றும், நகரத்தைத் தந்நகரம் என்றும், னகரத்தை றன்னகரம் என்றும் வழங்குகிறோம். பெயரிலேயே விதி இருக்கிறது: டகரத்தின் முன் ண் வரும் (நண்டு), தகரத்தின் முன் ந் வரும் (பந்து), றகரத்தின் முன் ன் வரும் (கன்று). ஆகவே ‘நிண்றது’ என்று ஒரு சொல் தமிழில் இருக்க இயலாது. ‘நின்றது’ என்பதே சரி.

அடுத்த விதி இடத்தைப் பற்றியது. சொல்லின் முதலில் தந்நகரமே வரும்: நாய், நிலா, நெல். மற்ற இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. சொல்லின் இடையிலோ தந்நகரம் பெரும்பாலும் தகரத்தின் முன்பே வரும். எனவே ‘மநம்’ என்பது ‘மனம்’ என்றே இருக்க வேண்டும். ‘வெந்நீர், முந்நூறு ஆகியவற்றில் நடுவே நகரம் இருக்கிறதே?’ என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. வெந்நீரில் ‘நீர்’ என்னும் சொல்லும், முந்நூற்றில் ‘நூறு’ என்னும் சொல்லும் உள்ளே இருக்கின்றன. நடுவில் நிற்பதாகத் தோன்றும் நகரம் உண்மையில் இன்னொரு சொல்லின் முதலெழுத்து.

அவள் ‘மநம்’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. மலையாளத்தில் ந, ன இரண்டிற்கும் ஒரே எழுத்துதான். ஆனால் ஒலி இரண்டு. ‘ஒன்று’ என்பதற்கும் ‘வந்தான்’ என்பதற்கும் அவர்கள் சொல்லும் சொற்களை உங்கள் தோழியிடம் கேட்டுப் பாருங்கள். முன்னதில் நா ஈறைத் தொடும். பின்னதில் பல்லைத் தொடும். தமிழெழுத்தில் அவற்றை ‘ஒன்னு’, ‘வந்நு’ என்று வேறுபடுத்திக் காட்டலாம். மலையாளத்தில் இரண்டும் ஒரே எழுத்துதான். அவர்கள் இரண்டாக ஒலித்து ஒன்றாக எழுதுகின்றனர். நாமோ இக்காலப் பேச்சில் பெரும்பாலும் ஒன்றாக ஒலித்து இரண்டாக எழுதுகின்றோம்.

இவ்வளவும் அறிந்த பின் ஒரு வியப்பு காத்திருக்கிறது. லகரப் பயிற்சியும் னகரப் பயிற்சியும் வெவ்வேறு என்று நினைத்திருப்பீர்கள். பின்வரும் வினைச்சொற்களைப் பாருங்கள்:

நில் – நின்றான்
ஆள் – ஆண்டான்
வாழ் – வாழ்ந்தான்

நேற்று நடந்ததாகச் சொல்லும்போது லகரம் ‘ன்ற’ ஆகிறது. ளகரம் ‘ண்ட’ ஆகிறது. ழகரம் மாறாமல் நின்று தன்பின் ‘ந்த’ பெறுகிறது. மூன்று லகரங்களும் மூன்று னகரங்களைத் தேடிச் செல்கின்றன. சில வினைகளில் மெல்லினம் வராமல் வல்லினம் மட்டும் வரும்: கல் – கற்றான், கேள் – கேட்டான். அங்கும் லகரத்திற்கு றகரமும் ளகரத்திற்கு டகரமுமே துணை. பெயர்ச்சொல்லில் ‘கள்’ சேர்த்தாலும் இதைக் காணலாம்: பல் – பற்கள், முள் – முட்கள், இதழ் – இதழ்கள். ணகர னகரமும் இவ்வாறே: மண் பாண்டம் மட்பாண்டம் ஆகிறது, பொன் காசு பொற்காசு ஆகிறது.

ஆகவே ஒரு சொல்லின் இறுதியில் எந்த லகரம் என்று ஐயம் எழுந்தால், அதை நேற்றைய செயலாக்கிச் சொல்லுங்கள். ‘உருள்’ என்பதா, ‘உருல்’ என்பதா? ‘பந்து உருண்டது’ என்று உங்கள் வாய் தானே சொல்லும். ‘ண்ட’ வந்தால் ளகரம். நீங்கள் வீட்டில் பேசும் தமிழே இங்கு விடை தருகிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வேர்ச்சொல் இவ்வெழுத்துகளில் முடிந்தால்தான் இது பயன்படும். வாழை, வேலை, புளி போல நடுவில் எழுத்து நிற்கும் சொற்களுக்கு ஒலியும் பொருளுமே வழி. ‘சொல்’ என்பது ‘சொன்னான்’ என விதிவிலக்காக வரும். ஆயினும் ‘சொற்கள்’ என்னும்போது றகரம் வந்து அது லகரமே என்று காட்டிவிடும்.

அம்மாணவி ஐந்து சொற்களையும் தன் கையாலேயே மாற்றி, புதிய தாளில் கடிதத்தை எழுதி அஞ்சலில் சேர்த்தாள். ‘கால் வலி குறைந்திருக்கிறது’ என்று பாட்டியிடமிருந்து மறுமொழி வந்தது. அதில் ‘மளை’ என்று ஒரு சொல் இருந்தது. ‘பாட்டி எப்படிப் பேசுவாரோ அப்படியே எழுதியிருக்கிறார், ஐயா’ என்று சொல்லி, அதைத் திருத்தாமல் மடித்து வைத்துக்கொண்டாள்.

பயிற்சி

அ. சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுதுக. தேர்ந்ததற்குரிய காரணத்தையும் ஒரு வரியில் எழுதுக.

1. பெரியாற்றில் (வெல்லம் / வெள்ளம்) பெருகியது.
2. அம்மா (புலி / புளி) கரைத்துக் குழம்பு வைத்தார்.
3. தச்சர் பலகையில் (ஆனி / ஆணி) அடித்தார்.
4. மல்லிகையின் (மனம் / மணம்) வீடெங்கும் பரவியது.
5. அரிசியின் (விலை / விளை / விழை) உயர்ந்தது.
6. நூறும் இருநூறும் சேர்ந்தால் (முன்னூறு / முந்நூறு).

ஆ. நேற்று நடந்ததாக மாற்றி எழுதுக. மாறிய எழுத்தின் கீழ்க் கோடிடுக.

செல், சுழல், உருள், மகிழ், தாழ்

இ. ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்கு ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக. ஆறு எழுத்துகளும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.