எட்டு எங்கே போச்சு?

அளந்து பார்க்கிறதுக்கு முன்னாடியே ரெக்கார்ட் நோட்டில் விடையை எழுதி வைக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. போன செமஸ்டர் பெர்ஃபார்மன்ஸ் லேப்பில், மெஷினை ஆன் பண்ணுவதற்கு முன்பே `Speedup = 8` என்று பென்சிலில் எழுதிவிட்டேன். அந்த எட்டைத் தேடி அலைந்த கதைதான் இது.

கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. ஒரு ஃப்ளோட் அரேயில் உள்ள எல்லா எண்களையும் கூட்ட வேண்டும். முதலில் சாதாரண லூப், அடுத்து சிம்டி. இரண்டுக்கும் ஆகும் நேரத்தை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். சிம்டி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பந்தியில் ஒவ்வொரு இலையாகப் பரிமாறாமல், எட்டு இலைக்கும் ஒரே வீச்சில் பரிமாறுவது போல. எங்கள் லேப்பில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5. அதிலுள்ள 256 பிட் ரெஜிஸ்டரில் 32 பிட் ஃப்ளோட் எட்டு அடங்கும். எட்டு எட்டாகக் கூட்டினால் எட்டு மடங்கு வேகம். கணக்கு சரியாகத்தானே இருக்கு?

இதுதான் நான் எழுதிய கோட். `n` எட்டின் மடங்கு என்று வைத்துக்கொண்டேன்.

```c
float sum8(const float *a, size_t n) {
    __m256 s = _mm256_setzero_ps();
    for (size_t i = 0; i < n; i += 8)
        s = _mm256_add_ps(s, _mm256_loadu_ps(a + i));
    float t[8];
    _mm256_storeu_ps(t, s);
    return t[0]+t[1]+t[2]+t[3]+t[4]+t[5]+t[6]+t[7];
}
```

கம்பைல் பண்ணியது இப்படி:

```
gcc -O2 -mavx2 -fno-tree-vectorize
```

கடைசியில் இருக்கிற ஆப்ஷன் எதுக்குன்னா, சாதாரண லூப்பை கம்பைலரே சிம்டியாக மாற்றிவிடாமல் இருக்க. முதல் ரன்னில் சாதாரண லூப்புக்கு ஆன நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம்! விஷயம் வேறொன்றும் இல்லை. கூட்டி வந்த விடையை நான் எங்கேயும் பிரிண்ட் பண்ணவில்லை. யாருக்கும் தேவையில்லாத வேலையை ஏன் செய்யணும் என்று கம்பைலர் லூப்பையே தூக்கிவிட்டது. ஃபங்ஷன்களைத் தனி ஃபைலில் வைத்து, விடையையும் பிரிண்ட் பண்ணினேன். அப்போதுதான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது.

அரேயில் 33554432 எண்கள், எல்லாமே `1.0f`. கூட்டுத்தொகை என்ன வரணும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஸ்கிரீனில் வந்தது இது:

```
scalar: 16777216
simd:   33554432
```

பக்கத்தில் இருந்த என் லேப் பார்ட்னர் உடனே, "மச்சி, உன் சிம்டி கோடுல ஏதோ ரெண்டு தடவை கூட்டுது, பாரு"ன்னான். நானும் நம்பிவிட்டேன். சாதாரண லூப் தப்பாகுமா என்ன? அரை மணி நேரம் சிம்டி கோடைக் குடைந்துகொண்டிருந்தோம். விடையைக் கையால் ஒருமுறை சரிபார்க்கணும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. தப்பு சாதாரண லூப்பில்தான் இருந்தது.

ஃப்ளோட்டில் எண்ணின் இலக்கங்களுக்கு 24 பிட் துல்லியம்தான் உண்டு. 2-இன் 24-ஆம் அடுக்கு 16777216. அதற்கு அடுத்து ஃப்ளோட்டில் எழுதக்கூடிய எண் 16777218. நடுவில் இருக்கிற 16777217-க்கு இடமே இல்லை. அதனால் அந்தக் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்தால், ரவுண்டிங்கில் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். மீதி ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் சொச்சம் எண்களையும் லூப் கூட்டிக்கொண்டேதான் இருந்தது, ஒன்றும் ஏறவில்லை. சிம்டியில் எட்டு தனித்தனிக் கூட்டல்கள் நடப்பதால், ஒவ்வொன்றும் 4194304 வரைதான் போனது. எல்லை அருகிலேயே வரவில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் புரிந்தது. ஃப்ளோட்டில் கூட்டும் வரிசை மாறினால் விடையே மாறலாம். அதனால்தான் `-ffast-math` போன்ற அனுமதி கொடுக்காமல் `-O3` போட்டாலும் இந்த லூப்பில் உள்ள கூட்டலை ஜிசிசி சிம்டியாக மாற்றாது. பாவம், அதைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.

சரி, நேரத்துக்கு வருவோம். பயாஸில் டர்போவை அணைத்து மெஷினை 3.2 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தினோம். ஒவ்வொன்றையும் இருபது முறை ஓட்டி, அதில் குறைந்த நேரத்தை எடுத்தோம். சாதாரண லூப் 42 மில்லிசெகண்ட். சிம்டி 11. வகுத்தால் நாலுகூட முழுசா இல்லை!

சார் வந்து பார்த்தார். "எட்டு எங்கப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பரிமாறுகிறவர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், சமையற்கட்டிலிருந்து சாதம் வந்து சேரணும் இல்லையா? எங்கள் அரே 134 மெகாபைட். கேஷில் அடங்காது, ஒவ்வொரு முறையும் ராமிலிருந்துதான் வரவேண்டும். அதை 11 மில்லிசெகண்டில் படித்தால், செகண்டுக்குச் சுமார் 12 கிகாபைட். ஒரு கோருக்கு அந்த மெஷினின் ராம் தரக்கூடியதே ஏறக்குறைய அவ்வளவுதான். மீதி நேரம் கூட்டும் யூனிட் சும்மா காத்திருந்தது.

சோதித்துப் பார்க்க, அரேயை 4096 எண்களாகச் சுருக்கினோம். 16 கிலோபைட், 32 கிலோபைட் எல்1 கேஷுக்குள் தாராளமாக அடங்கும். ஒரு முறை ஓட்டினால் அளக்க முடியாத அளவு சின்ன நேரம் என்பதால், லட்சம் முறை ஓட்டி வகுத்தோம். சாதாரண லூப் 5.1 மைக்ரோசெகண்ட், சிம்டி 0.65. கிட்டத்தட்ட எட்டு! பென்சிலில் எழுதியதை அழிக்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆசை விடுமா? `s` என்ற ஒரே கூட்டுத்தொகைக்குப் பதில் `s0`, `s1`, `s2`, `s3` என்று நாலு வைத்து, லூப்பில் ஒரு சுற்றுக்கு 32 எண்களைக் கூட்டினேன். 0.18 மைக்ரோசெகண்ட். அதாவது இருபத்தெட்டு மடங்கு. எட்டு இலைக்குப் பரிமாறுகிற கை எப்படி இருபத்தெட்டு இலைக்குப் பரிமாறும்?

காரணம் காத்திருப்புதான். இந்த ப்ராசஸரில் ஒரு ஃப்ளோட் கூட்டலின் விடை வர 4 க்ளாக் சைக்கிள் ஆகும். ஒரே `s` இருந்தால், முந்தைய விடை வராமல் அடுத்த கூட்டலைத் தொடங்க முடியாது. 4096 எண், ஒவ்வொன்றுக்கும் 4 சைக்கிள், 3.2 கிகாஹெர்ட்ஸ்: போட்டுப் பாருங்கள், அதே 5.1 மைக்ரோசெகண்ட் வரும். நாலு கூட்டுத்தொகை இருந்தால் ஒன்று காத்திருக்கும்போது மற்றவை நடக்கும். இது சிம்டிக்கு மட்டுமே உரிய வித்தையும் இல்லை. சாதாரண லூப்பிலும் நாலு வைத்துப் பார்த்தேன், 1.3 ஆகக் குறைந்தது. இப்போது நியாயமாக ஒப்பிட்டால் 1.3-க்கு 0.18, ஏழு மடங்குச் சொச்சம். அந்த நாலு கூட்டுத்தொகை கோடைப் பெரிய அரேயில் ஓட்டினால்? அதே 11 மில்லிசெகண்ட். ராம் அசையவில்லை.

ரெக்கார்டில் பென்சில் எட்டை அழித்துவிட்டு ஒரு டேபிள் போட்டேன். அரேயின் அளவு, கூட்டுத்தொகைகளின் எண்ணிக்கை, நேரம், வந்த விடை என்று நாலு காலம்.

வைவாவில் சார் கேட்டார்: "சிம்டி போட்டா எவ்வளவு ஸ்பீடப்?"

"அரே எவ்வளவு பெருசு, சார்? எந்த லூப்போட ஒப்பிடணும்?" என்றேன்.

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.