அவள் அவசரப்படவில்லை

பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. தரம் 8 பிள்ளைகள் 12 பேர் மெலோடிக்காவில் ஒரேயொரு மெட்டு வாசிப்பதாக ஏற்பாடு. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் கடைசிப் பகுதியில் வரும் "ஓட் டு ஜாய்". மி மி ஃபா சோ, சோ ஃபா மி ரே என்று போகும், எல்லோருக்கும் தெரிந்த மெட்டு.

ஒரு பிள்ளை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முந்திக்கொண்டாள். 13ஆவது பாரில் மெட்டு திரும்ப வரும்போது, அவள் ஓர் அடி முன்னாலேயே "மி"யைப் பிடித்துவிடுவாள். "பொறு மகள், அவசரப்படாதே" என்று மூன்று நாள் சொன்னோம். நான்காம் நாள் அவள் வாசிப்பது கேட்கவே இல்லை. ஊதுவது போல் பாவனை மட்டும்.

அதே நாள் இன்னொரு கவலையும் எங்களுக்கு. போனில் பதிவு செய்து கேட்டபோது வாசிப்பு அணிவகுப்பு மாதிரி இருந்தது. ஒவ்வொரு பாரின் முதல் அடியையும் பிள்ளைகள் ஒரே பலத்தில் குத்தினார்கள். 16 பாரும் 16 துண்டு.

அதனால் எண்ணும் முறையை மாற்றினோம். கரும்பலகையில் இப்படி எழுதினோம்:

1-2-3-4, 2-2-3-4, 3-2-3-4, 4-2-3-4

முதல் இலக்கம் எத்தனையாவது பார் என்று சொல்கிறது. நான்கு அடி சேர்ந்து ஒரு பார் ஆவதைப் போல, நான்கு பார் சேர்ந்து ஒரு பெரிய பார் ஆகிறது. இதைத்தான் ஹைப்பர்மீட்டர் என்கிறார்கள். அந்தப் பெரிய பாரின் தொடக்கத்தில் மட்டும் காலைத் தட்டச் சொன்னோம். 16 பாருக்கு நான்கே நான்கு தட்டு.

உடனே மெட்டின் அமைப்பு காதில் விழுந்தது. முதல் நான்கு பார் "ரே"யில் நிற்கிறது, கேள்வி கேட்டு நிறுத்தியது போல. அடுத்த நான்கு பாரும் அதே மாதிரித் தொடங்கி, "டோ"வில் இறங்கி முடிகிறது. கேள்வியும் பதிலுமான இந்த எட்டுப் பாருக்குப் பெயர் பீரியட். மூன்றாவது நான்கு வேறு பக்கம் போகிறது. நான்காவதில் அந்தப் பதில் திரும்ப வருகிறது.

எல்லா மெட்டும் கேள்வி பதிலாக அமைவதில்லை. பீத்தோவனின் முதல் பியானோ சொனாட்டா (ஓபஸ் 2, இலக்கம் 1) தொடங்கும் எட்டுப் பார் வேறு வகை. இரண்டு பார் ஒரு கருத்து; அதே கருத்து வேறு சுருதியில் மீண்டும் இரண்டு பார். பிறகு அதன் வால் மட்டும் ஒரு பார், திரும்பவும் ஒரு பார், கடைசி இரண்டு பாரில் உச்சம் தொட்டு நிற்கிறது. துண்டுகள் சிறுக்கச் சிறுக்க வேகம் கூடுவது போல் தோன்றும், அடியின் வேகம் மாறாமலே. இதற்கு சென்டென்ஸ் என்று பெயர்.

நான்கு நான்காகத்தான் எண்ண வேண்டும் என்றும் இல்லை. அதே ஒன்பதாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில், ஓரிடத்தில் மூன்று பார் ஒரு தொகுதி என்றும், பிறகு நான்கு பார் என்றும் பீத்தோவனே எழுதி வைத்திருக்கிறார். காதால் கேட்டுத்தான் எண்ண வேண்டும்.

இப்போது அந்த 13ஆவது பாருக்கு வருவோம். அன்றிரவு முழு ஸ்கோரை எடுத்துப் பார்த்தோம். 12ஆவது பாரின் நான்காவது அடியிலேயே மெட்டின் முதல் சுரம் தொடங்கி, பார்க்கோட்டைத் தாண்டிக் கட்டப்பட்டிருந்தது. எங்கள் கையிலிருந்த இலகுபடுத்திய புத்தகத்தில் அந்தக் கட்டையே எடுத்துவிட்டு, முந்திய சுரத்தை இரண்டடிக்கு நீட்டியிருந்தார்கள்.

நான்கு பாராக எண்ணிப் பார்த்தபோதுதான் அதன் அழகு விளங்கியது. நான்காவது பெரிய பார் தொடங்கும் இடம் அது. கால் தட்டும் அந்த அடியில் புதிய சுரம் ஒன்றும் விழுவதில்லை. மெட்டு ஏற்கெனவே வந்துவிட்டது. சாதாரண பார்க்கோட்டில் இது சின்னத் தடுமாற்றமாகத்தான் கேட்கும். பெரிய பாரின் வாசலில் நடப்பதால், ஆவல் தாங்காமல் ஓடி வந்தது போல் இருக்கிறது.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம். "வீட்டில் போனில் அப்படித்தான் கேட்டேன் சேர்" என்றாள். முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. நாங்கள்தான் கேட்கவே இல்லையே.

எல்லோர் முன்னாலும் "பிழை எங்களுடையது" என்று சொன்னோம். பிறகு அவளைத் தனியாக வாசிக்க வைத்து, மற்ற 11 பேரும் காலைத் தட்டி, அந்த இடத்தைப் பழகினோம். மேடையில் 12 பேரும் ஒன்றாக முந்தினார்கள்.