பத்து மணி ஏழு நிமிடம்

போன ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை இரவு. நியூஜெர்சியில் மணி பதினொன்றரை. பாளையங்கோட்டையிலிருந்து அத்தான் அழைத்தார். அங்கே செவ்வாய் காலை ஒன்பது மணி. எட்டே முக்காலுக்கு அப்பாவின் ஸ்கூட்டர், தெருமுனையில் சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டது. அவருக்குக் கால் எலும்பு முறிவு, அப்பாவுக்குச் சிராய்ப்புதான். வண்டியின் இன்சூரன்ஸ் ஞாயிறு நள்ளிரவோடு முடிந்திருந்தது. வருடா வருடம் இங்கிருந்து பணம் கட்டுவது நான். நினைவூட்டி மூன்று மின்னஞ்சல்கள் வந்திருந்தன. ஒன்றையும் நான் திறக்கவில்லை.

“இப்பவே ஆன்லைன்ல கட்டிரு மாப்ளே. இன்னைக்குத் தேதிதான விழும்? மணியை எவன் பாக்கப் போறான்?” என்றார் அத்தான்.

மணியைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. காப்பீட்டு நிறுவனங்களின் மென்பொருளில் வேலை செய்கிறேன். இங்கே வீடு, கார் பாலிசிகள் பெரும்பாலும் குறித்த நாளில் அதிகாலை 12:01-க்குத் தொடங்கும். அடுத்த வருடம் அதே 12:01-க்கு முடியும். எதற்கு அந்த ஒரு நிமிடம்? ‘15-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி’ என்று எழுதினால், 15 பிறக்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று வழக்காடலாம். ஒரு நிமிடம் தள்ளிவிட்டால் வழக்குக்கு இடமில்லை. பழைய தீக்காப்பீட்டில் நண்பகல்தான் எல்லை. நியூயார்க்கின் 1943-ஆம் ஆண்டு மாதிரிப் பாலிசியே நண்பகலில்தான் தொடங்கி முடிந்தது. தொடங்கும் நாளன்று காலை பத்து மணிக்கு வீடு எரிந்தால் அந்தப் பாலிசியில் காசு கிடையாது.

இந்தியச் சட்டமும் ஓரளவு தெரியும். ஒரு வண்டியின் பாலிசி 1984 ஆகஸ்ட் 31-இல் முடிந்தது. செப்டம்பர் 28-இல் புதிதாக எடுத்தார்கள். அன்றைக்கே விபத்தும் நடந்தது. ராம் தயாள் வழக்கு என்ற அதில், 1990-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது. தேதி மட்டும் இருந்தால் பாலிசி அந்த நாள் பிறந்த நள்ளிரவிலிருந்தே செல்லும். சட்டம் நாளைத் துண்டு போடாது. அத்தான் சொன்ன யோசனைக்கு வழி அதில் இருந்தது.

ஆனால் மணி எழுதியிருந்தால் கதை வேறு. சுனிதா ராட்டி வழக்கில், 1991 டிசம்பர் 10 அன்று பிற்பகல் 2:20-க்கு விபத்து. பாலிசி வாங்கியது 2:55-க்கு. அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்காக நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேதி ஒன்றே, மணிதான் தீர்ப்பு.

இத்தனையும் தெரிந்தும் கட்டினேன். எப்படியும் புதுப்பிக்க வேண்டியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனதின் ஓரத்தில் வேறொரு நினைப்பும் இருந்தது: ஒருவேளை மணி போடாமல் வந்துவிட்டால்? இங்கே பன்னிரண்டரை தாண்டியிருந்தது. எனக்கு விபத்து நேற்று, பணம் இன்று. அப்பாவுக்கு இரண்டும் ஒரே செவ்வாய். பாலிசி வந்ததும் பெயரைக்கூடப் பார்க்காமல் தொடங்கும் நேரத்தைத் தேடினேன். காலை 10:07 என்று இருந்தது. கணினி பணம் வந்த நிமிடத்தையே எழுதிவிட்டது. இப்படி நிமிடம் பதியும் நிரல்களை நானே எத்தனையோ முறை சோதித்து அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். மருத்துவமனை வராந்தாவில் இருந்தார்.

“ஏல, நான் இடிச்சது எட்டே முக்காலுக்கு. நீ கட்டுனது பத்து மணிக்கு. மணி போடாம வந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?”

நான் பேசவில்லை.

“அங்க உள்ள ஒரு மனுசன் காலு ஒடிஞ்சு கெடக்கான். அவன்ட்டப் போயி பத்து மணிக்குத்தான் இடிச்சேன்னு சொல்லச் சொல்லுதியா?”

நடந்து முடிந்ததற்குக் காப்பீடு எடுக்க முடியாது. அதைத்தான் அந்த மணி சொல்கிறது. பாலிசி இருந்திருந்தால் அந்த மனிதருக்குரிய இழப்பீட்டை நிறுவனம் கொடுத்திருக்கும். இல்லாததால் எல்லாம் வண்டிச் சொந்தக்காரர் தலையில். அறுவைச் சிகிச்சைச் செலவையும் அவர் வேலைக்குப் போகாத மூன்று மாதக் கூலியையும் அப்பா வைப்புநிதியை உடைத்துக் கொடுத்தார். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் தனி. நான் அனுப்பிய பணத்தில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். “மறந்தது நீ, ஓட்டுனது நான்” என்றார்.

திங்கள் பிறந்ததிலிருந்து செவ்வாய் 10:07 வரை, முப்பத்து நான்கு மணி ஏழு நிமிடம் அந்த வண்டிக்குக் காப்பு இல்லை. முடியும் முன்பே கட்டியிருந்தால் பழையது முடிந்த நொடியில் புதியது தொடங்கியிருக்கும், இடைவெளியே வந்திருக்காது. இந்த வருடம் ஒரு மாதம் முன்பே கட்டிவிட்டேன். பாலிசியில் தொடக்கம் 00:00 என்று இருந்தது. அப்பாவுக்கு அனுப்பினேன். “மணியப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார்.