ஒரு செடி, இரண்டு வரிசைகள்

நோயெதிர்ப்பியல் படிக்கும் மாணவர் மிகையுணர்வின் நான்கு வகைகளுக்கு அட்டவணை போடும்போது, முதல் கட்டத்தில் பெரும்பாலும் நோயின் பெயரையோ ஒவ்வாமை தரும் பொருளின் பெயரையோ எழுதிவிடுகிறார். பெங்களூரின் காலிமனைகளில் வளரும் பார்த்தீனியம் அந்த அட்டவணையைக் குலைத்துவிடும். 1950களில் புனேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய இந்தச் செடி, முதல் வகையிலும் இடம் கேட்கிறது. நான்காம் வகையிலும் இடம் கேட்கிறது.

அதன் மகரந்தம் மூக்கில் படும்போது, முன்பே உருவாகி மாஸ்ட் செல்களின் மேல் அமர்ந்திருக்கும் ஐ-ஜி-இ எதிர்ப்பொருள் அதனைப் பற்றுகிறது. ஹிஸ்டமின் வெளிப்பட்டு, சில நிமிடங்களில் தும்மலும் நீரொழுக்கும் தொடங்குகின்றன. அதே செடியின் இலைத்தூசியில் பார்த்தெனின் என்ற சிறு மூலக்கூறு உள்ளது. அது தனியே ஆன்டிஜென் ஆகாது. தோலின் புரதத்தோடு பிணைந்த பிறகே டி செல்களுக்கு அடையாளம் தெரிகிறது. அந்தச் செல்கள் திரண்டு வர ஓரிரு நாட்கள் ஆகும். பிறகு இமை, கழுத்து, முழங்கையின் மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் தோன்றும்.

எனவே அட்டவணையை வினைபுரியும் கருவியிலிருந்து தொடங்கி, காலத்தை அடுத்து வைத்து, நோயைக் கடைசியில் எழுதுவதே பொருந்தும்:

வகை 1: ஐ-ஜி-இ, மாஸ்ட் செல் | நிமிடங்கள் | மகரந்தத்தால் வரும் மூக்கழற்சி
வகை 2: செல்லின் மேற்பரப்பைத் தாக்கும் ஐ-ஜி-ஜி, ஐ-ஜி-எம் | நிமிடங்கள் முதல் நாட்கள் வரை | பொருந்தாத இரத்தம் ஏற்றுதல்
வகை 3: கரைந்த ஆன்டிஜெனும் எதிர்ப்பொருளும் சேர்ந்த கூட்டுகள் படிதல் | பெரும்பாலும் 1–2 வாரம் | பாம்புக்கடி மருந்துக்குப் பின் வரும் சீரம் நோய்
வகை 4: டி செல்கள் | 1–3 நாட்கள் | பார்த்தீனியத் தோலழற்சி

இரண்டாம், மூன்றாம் வகைகளை மாணவர்கள் குழப்பிக்கொள்வது, இரண்டிலும் ஐ-ஜி-ஜி இருப்பதால்தான். ஆன்டிஜென் செல்லிலோ திசுவிலோ நிலைத்திருந்தால் இரண்டு. இரத்தத்தில் கரைந்து திரிந்தால் மூன்று.

காலம் என்னும் கட்டம் ஏட்டோடு நிற்பதில்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனை 15–20 நிமிடங்களில் படிக்கப்படுவது. அது காட்டுவது முதல் வகையை மட்டுமே. தோலழற்சியோடு வரும் தோட்டத் தொழிலாளிக்கு அந்தச் சோதனை ஒன்றையே செய்து, தடிப்பு எழவில்லை என்று அனுப்பிவிட்டால், அவர் அதே செடியை மீண்டும் பிடுங்கப் போவார். அவருக்கு வேண்டியது முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு, அகற்றியபின் பார்த்து, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்க்கும் ஒட்டுச் சோதனை. ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரையும் அவருக்குப் பெரிதாக உதவாது. தோலில் வினைபுரிவது டி செல் என்பதால் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளே அழற்சியைத் தணிக்கின்றன.

அட்டவணைக்கும் ஓர் எல்லை உண்டு. 1963இல் ஜெல், கூம்ப்ஸ் இருவரும் வகுத்த இப்பிரிவு வழிமுறைகளைப் பிரிக்கிறது, மனிதர்களை அன்று. தும்மலும் தோலழற்சியும் ஒருவரிடமே சேர்ந்திருக்கக் கூடும். அப்போது அவர் பெயர் இரண்டு வரிசைகளிலும் எழுதப்பட வேண்டும்.