படுக்கை நனைந்தால் எப்போது பொறுக்கலாம், எப்போது டாக்டரிடம் போகணும்?

காலையில் பாயைச் சுருட்டும்போது ஈரம் கையில் பட்டால், பல வீடுகளில் முதலில் கேட்கும் குரல் "இத்தனை வயசாச்சு, வெட்கமா இல்லை?" என்பதுதான். வெட்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் தன்னை அறியாமல் நடப்பதற்குக் குழந்தை என்ன செய்யும்? அதே சமயம், "வளர்ந்தா தானே சரியாப் போயிடும்" என்று எல்லாக் குழந்தைக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிடவும் கூடாது. எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு டாக்டரைப் பார்க்கணும் என்று பிரித்தறிய ஒரு தாய்க்கு இரண்டு கேள்விகள் உதவும். இந்தக் குழந்தை எப்போதாவது தொடர்ந்து 6 மாதம் இரவில் நனைக்காமல் இருந்ததுண்டா? பகல் வேளையில் ஒன்றுக்குப் போவதும் வெளிக்குப் போவதும் எப்படி இருக்கிறது?

முதலில் வயசைப் பார்ப்போம். 5 வயது முடியும் வரை படுக்கையை நனைப்பதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை. 5 வயதில் 100 குழந்தைகளை எடுத்துக்கொண்டால் சுமார் 15 பேர் இரவில் நனைப்பார்கள். வருஷா வருஷம் இவர்களில் ஏழில் ஒரு பங்கு பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமலே நின்றுவிடும். பத்து வயதில் 100-க்கு 5 பேர் போல மிச்சமிருப்பார்கள். பெண் குழந்தைகளைவிடப் பையன்களிடம்தான் இது அதிகம். அப்பாவோ அம்மாவோ சின்ன வயதில் நனைத்தவர்கள் என்றால் குழந்தைக்கும் வர வாய்ப்பு கூடுதல். "உங்க அப்பாவும் எட்டு வயசு வரைக்கும் இப்படித்தான்" என்று பாட்டி சொல்வதில் உண்மை இருக்கிறது. அதைக் குழந்தையின் காதில் விழும்படி சொன்னால் அதற்கும் கொஞ்சம் ஆறுதல்.

பிறந்ததிலிருந்து நனைக்கிற குழந்தைக்கு உள்ளே என்னதான் நடக்கிறது? இரவில் மூளையிலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன், சிறுநீரகத்தை "கொஞ்சமா சுரந்தால் போதும்" என்று அடக்கி வைக்கும். சில குழந்தைகளுக்கு அது போதுமான அளவு சுரக்கத் தாமதமாகும். அதனால் ராத்திரி சிறுநீர் அதிகமாகச் சேரும். இன்னும் சிலருக்கு மூத்திரப் பை சின்ன அளவிலேயே நிரம்பி இறுகிவிடும். இரண்டில் எதுவானாலும், பை நிரம்பியதும் முழிப்பு வராததுதான் படுக்கை நனையக் காரணம். இந்த மூன்றும் வளர வளர ஒழுங்காகும். ஆகவே பகலில் எந்தக் கோளாறும் இல்லாமல், 6 வயதுக் குழந்தை இரவில் மட்டும் நனைத்தால் பயப்பட ஒன்றுமில்லை. 7 வயதுக்கு மேலும் வாரத்தில் பல நாள் நீடித்தாலோ, குழந்தையே இதை நினைத்து மனம் நொந்தாலோ வைத்தியம் ஆரம்பிக்கலாம்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பகலில் கவனிப்பது எவ்வளவு முக்கியம் என்பதை என் நாத்தனார் பையன் விஷயத்தில் கண்ணால் பார்த்தேன். பையனுக்கு வயது 7. வாரத்தில் 6 நாள் படுக்கை ஈரம். "ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பி விட்டும் விடியற்காலையில நனைச்சுடறான், அண்ணி" என்று நாத்தனார் அலுத்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தில் குழந்தையைத் தூக்கிப் போய் நிறுத்தினால் அன்றைக்குப் படுக்கை தப்பும். பை நிரம்பினால் தானே முழித்துக்கொள்ள அது கற்றுத் தராது.

குழந்தை டாக்டர் இரவைப் பற்றிக் கேட்டதைவிடப் பகலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எத்தனை நாளைக்கு ஒரு முறை வெளிக்குப் போகிறான், கெட்டியாகப் போகிறதா, விளையாடும்போது காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறானா, ஜட்டியில் ஈரம் படுகிறதா என்றெல்லாம் கேட்டார். மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் போகிறான், அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி என்று அப்போதுதான் தெரிந்தது. வயிற்றின் இடது பக்கக் கீழ்ப்பகுதியை அமுக்கிப் பார்த்து, மலம் கட்டியாகத் தேங்கியிருக்கிறது என்று சொன்னார். சிறுநீரைச் சோதித்ததில் சர்க்கரையும் இல்லை, கிருமியும் இல்லை.

பிறகு ஒரு வேலை கொடுத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பையன் என்ன குடிக்கிறான், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஒன்றுக்குப் போகிறான் என்று அளந்து ஒரு நோட்டில் எழுதணும். சமையலறையில் பழசாகிப் போன ஒரு மில்லி அளவு ஜாடியை அதற்கென்றே ஒதுக்கிக் கொடுத்தேன். ஒரு குழந்தையின் மூத்திரப் பை எவ்வளவு பிடிக்கும் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு. வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கணும். 7 வயதுக்கு 240 மில்லி வரும். காலையில் எழுந்ததும் போவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நோட்டைப் பார்த்தால், பையன் ஒரு நாளில் 9 தடவை போயிருந்தான். எந்தத் தடவையும் 120 மில்லியைத் தாண்டவில்லை. இருக்க வேண்டியதில் பாதி! இறுகின மலம் பின்னாலிருந்து அழுத்துவதால் பை விரிய இடமில்லை, அதோடு சும்மா சும்மா இறுகவும் செய்கிறது என்று டாக்டர் விளக்கினார்.

நோட்டில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் நாற்றம் பிடிக்காமல் பையன் அங்கே தண்ணீரே குடிப்பதில்லை. கொண்டுபோன பாட்டில் அப்படியே திரும்பி வரும். சாயந்திரம் வந்ததும் தாகத்தில் டம்ளர் டம்ளராக ராத்திரி வரை குடிப்பான். பகலெல்லாம் காய்ந்து கிடப்பதால் மலமும் இறுகும், ராத்திரி பையும் நிரம்பும்.

வைத்தியம் மலச்சிக்கலில் தொடங்கியது. முதலில் சில நாள் மருந்து கொடுத்துத் தேங்கியதை வெளியேற்றினார்கள். அப்புறம் தினமும் இளக்கமாகப் போகும்படி அளவைக் குறைத்துத் தொடர்ந்தார்கள். காலைச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம் நிதானமாக உட்கார வைத்தார்கள். அவர்கள் வீட்டில் இருப்பது மேல்நாட்டுக் கக்கூஸ், பையனுக்குக் கால் தொங்கும். கால் ஊன்றாமல் முக்க முடியாதென்பதால் ஒரு மணையை அடியில் போட்டாள். தண்ணீரைக் குறைக்கவில்லை. நேரத்தைத்தான் மாற்றினாள். பெரும்பகுதி மத்தியானம் 4 மணிக்குள் உள்ளே போய்விடணும், சாயந்திரத்துக்கு மேல் தாகத்துக்கு மட்டும். காபி, டீ, கோலா கூடாது. பள்ளிக்கூடத்தில் இடைவேளைதோறும் ஒன்றுக்கு அனுப்பும்படி டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

முதல் இரண்டு வாரம் இரவில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு மாதத்தில் வாரத்துக்கு 4 நாள் ஆச்சு. இரண்டாவது மாதம் 2 நாள். அந்த மகிழ்ச்சியில் நாத்தனார் மருந்தை நிறுத்திவிட்டாள். பத்தே நாளில் மலம் மறுபடி இறுகி, படுக்கையும் பழையபடி ஆனது. விரிந்து தளர்ந்த குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், நன்றாகப் போகிறதென்று பாதியில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லி மறுபடி தொடரச் சொன்னார். ஆறாவது மாத முடிவில் மாதத்துக்கு ஓரிரு நாள்தான் நனைத்தான்.

மலச்சிக்கல் இல்லாத, அல்லது அது சரியாகியும் நிற்காத குழந்தைகளுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று மணி. ஜட்டியில் பொருத்திய சின்னக் கருவி, முதல் துளி பட்டதுமே ஒலிக்கும். ஆரம்பத்தில் குழந்தையைத் தவிர வீட்டிலுள்ள எல்லோரும் முழித்துக்கொள்வார்கள். அம்மாவோ அப்பாவோ எழுந்து குழந்தையை முழுசாக முழிக்க வைத்து, அதுவே நடந்து போய் ஒன்றுக்கு இருக்கும்படி செய்யணும். 2, 3 மாதம் பொறுமை வேண்டும். தொடர்ந்து 14 இரவு நனையாவிட்டால் நிறுத்தலாம். மற்றொன்று டெஸ்மோப்ரெஸின் என்ற மாத்திரை. நான் முன்னே சொன்ன ஹார்மோனின் வேலையை இது செய்யும். இதை டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் வரை தண்ணீர் ஓரிரு வாய்க்கு மேல் கூடாது. மீறினால் ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து வலிப்பு வரை போகலாம். வாந்தி, பேதி, காய்ச்சல் நாட்களில் கொடுக்கக் கூடாது.

இனி முதல் கேள்வி. மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி ஆரம்பித்தால், வயது எதுவானாலும் காரணம் தேடணும். தம்பி தங்கை பிறந்தது, வீடு மாறியது, பள்ளியில் அடியோ மிரட்டலோ, வெளியில் சொல்ல முடியாத தொந்தரவோ, இப்படி மனசைப் பாதித்த ஏதாவது இருக்கலாம். ஒன்றுக்குப் போகும்போது எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால் சிறுநீரில் கிருமி இருக்கலாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது சர்க்கரை வியாதி. குழந்தைகளுக்கு அது வராது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடங்காத தாகம், ராத்திரி எழுந்தும் தண்ணீர் கேட்பது, அடிக்கடி நிறையப் போவது, நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்து யூனிஃபார்ம் தொளதொளப்பது, ஒரே அசதி, இவையெல்லாம் அதன் அடையாளம். சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்த்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் எறும்பு வரவில்லையே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். "வெயில் காலம், அதான் தண்ணி குடிக்கிறா" என்று நாளைக் கடத்த வேண்டாம். அன்றைக்கே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் நிமிஷத்தில் தெரிந்துவிடும். இதோடு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, தூங்கி வழிதல் சேர்ந்தால் நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். ஒரு நாள் தாமதம் உயிருக்கே ஆபத்து.

நனைக்காமல் இருந்ததே இல்லாத குழந்தையானாலும் வயசுக்குக் காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. சிறுநீர் முக்கி முக்கி, அல்லது மெல்லிய தாரையாகச் சொட்டுவது. ரத்தம் கலந்து போவது. பெண் குழந்தைக்கு ஒழுங்காகப் போனபின்னும் நாள் முழுதும் ஜட்டி கசிந்துகொண்டே இருப்பது. மலமும் தெரியாமல் கசிவது. நடையில் தடுமாற்றம், முதுகின் அடியில் முடிக்கொத்தோ ஆழமான குழியோ இருப்பது. தினமும் பலத்த குறட்டையும் இடையில் மூச்சுத் தடையும். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டர் பார்த்தாகணும்.

போகும்போது இரண்டு நாள் அளந்த நோட்டு, இரண்டு வாரத்தில் எத்தனை இரவு நனைந்தது, எத்தனை நாள் வெளிக்குப் போனான் என்ற குறிப்பு, இவற்றைக் கையோடு கொண்டு போங்கள். சூடு வைப்பேன் என்று மிரட்டுவதும், ஈரப் பாயைத் தெருத் திண்ணையில் காயப்போட்டு மானத்தை வாங்குவதும் ஒரு சொட்டைக்கூட நிறுத்தாது. மெத்தைக்கு மேல் ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போட்டுவிட்டால் காலையில் துவைக்கும் வேலை பாதியாகும். விடிந்ததும் அதைச் சுருட்டிக் கொண்டுவந்து பக்கெட்டில் போடுவதைத் திட்டில்லாமல் குழந்தையிடமே விடலாம்.