ஐந்து கிலோமீட்டர் உயரத்தில்

தில்லியின் குளிர்காலத்தில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளிலேயே குளிர் கடுமையாக இருக்கும். மேகம் கவிந்த இரவில் அவ்வளவு குளிர் தெரியாது. பகலில் வெயில் காய்ந்த நிலம், இரவு முழுதும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானை நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மேகம் அக்கதிர்களை உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. மேகமற்ற நாளிலும் நீராவியும் கரியமில வாயுவும் இதே வேலையைச் செய்கின்றன. இதனைப் 'பசுமை இல்ல விளைவு' என்கிறோம். அப்பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று; கண்ணாடி வீடு சூடாக இருப்பதற்கு முதன்மைக் காரணம், உள்ளே சூடான காற்று மேலெழுந்து வெளியேற இயலாமையே.

பதினோராம் வகுப்பில் அறிவியல் பயிலும் என் அக்காள் மகள் இதுபற்றி ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "மாமா, கரியமில வாயு உறிஞ்சக்கூடிய கதிர்களைக் காற்றில் இப்போதுள்ள வாயுவே முழுவதும் உறிஞ்சிவிடுகிறதாமே. சாத்திய கதவை மேலும் எப்படிச் சாத்துவது?"

நல்ல கேள்வி. 1900ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு இயற்பியலாளர் ஆங்ஸ்ட்ரம் இதே ஐயத்தை எழுப்பினார். குழாயில் அடைத்த கரியமில வாயுவின் அளவை மாற்றிப் பார்த்தபோது, உறிஞ்சப்படும் கதிரின் அளவு மிகச் சிறிதே மாறியது. எனவே, வாயு கூடினாலும் புவி சூடாகாது என்று பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அந்தச் சோதனை பிழையானதன்று. ஆனால், புவியின் வளிமண்டலம் ஒரே குழாய் போன்றதன்று, அடுக்கடுக்கானது.

"உறிஞ்சிய கதிர் காற்றிலேயே தங்கிவிடுவதில்லை, அம்மா" என்று தொடங்கினேன். ஓர் அடுக்கு உறிஞ்சிய வெப்பத்தை அது மேலும் கீழும் மீண்டும் வீசுகிறது. மேலே சென்றதை அடுத்த அடுக்கு உறிஞ்சுகிறது. உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. ஏதோ ஓர் உயரத்தில், மேலே உள்ள வாயு கதிரைத் தடுக்கப் போதாமற் போகிறது. அங்கிருந்துதான் வெப்பம் விண்வெளிக்குத் தப்புகிறது. ஒவ்வோர் அலைநீளத்துக்கும் இந்த உயரம் வேறுபடும். சராசரியாக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் எனக் கொள்ளலாம்.

பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம். புவி உறிஞ்சும் சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்குச் சராசரியாக 240 வாட். அதே அளவைத் திருப்பி வீச, வீசும் இடத்தின் வெப்பநிலை ஏறத்தாழ -18 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். கீழே இறங்கினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி கூடும். ஐந்து கிலோமீட்டருக்கு 32.5 டிகிரி. ஆகவே தரையில் ஏறக்குறைய 15 டிகிரி. புவிப்பரப்பின் உண்மையான சராசரியும் அதை ஒட்டியதே. அவள் பேனாவை வைத்துவிட்டு அந்த எண்ணையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கரியமில வாயுவை இரு மடங்காக்குவோம். மேலடுக்குகளிலும் வாயு மிகுவதால், வெப்பம் தப்பும் உயரம் சுமார் 150 மீட்டர் மேலேறுகிறது. அங்குள்ள காற்று ஒரு டிகிரி அளவு குளிர்ந்தது. குளிர்ந்த பொருள் குறைவாகவே வெப்பம் வீசும். வரவு மாறவில்லை, செலவு குறைந்துவிட்டது. மிச்சம் புவியிலேயே, பெரும்பாலும் கடலில், சேர்கிறது. அந்தப் புதிய உயரமும் -18 டிகிரியை எட்டும்வரை கீழிருந்து மேல்வரை எல்லாம் சூடாகின்றன. தரையும் ஏறத்தாழ ஒரு டிகிரி உயர்கிறது. கதவு சாத்தியே இருக்கிறது. வெளியேறும் வாயில்தான் குளிர்ந்த மாடிக்கு மாறிவிட்டது.

அந்த ஒரு டிகிரியோடு கணக்கு முடிவதில்லை. சூடான காற்று மேலும் நீராவியைத் தாங்கும். நீராவியும் வெப்பத்தைத் தடுப்பதால் சூடு இன்னும் கூடும். மேகங்கள் எப்படி மாறும் என்பதைத் துல்லியமாகக் கணிப்பது கடினம். ஆதலால்தான் இறுதி விடையை அறிவியலாளர்கள் ஒரே எண்ணாகச் சொல்லாமல் ஒரு வரம்பாகச் சொல்கின்றனர்.

"சூரியனே கூடுதலாகக் காய்கிறது என்றால்?" என்று அவள் விடவில்லை. அதைப் பிரித்தறிய வழி உண்டு. சூரியன் காரணமாயின் தரையோடு மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமாயின், தரை சூடாகும். 20 கிலோமீட்டருக்கு மேலுள்ள அடுக்குகளோ, அவ்வாயு அங்கே வெப்பத்தை விண்ணுக்கு மிகுதியாக வீசுவதால், குளிரும். மனாபே, வெதரால்டு இருவரும் 1967ஆம் ஆண்டிலேயே இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். பின்னர் பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்து கண்டதும் அதுவே: கீழே வெப்பம் ஏறியிருக்கிறது, மேலே குளிர்ந்திருக்கிறது.