பக்கத்தை எண்ணாதீங்க, நிமிடத்தை எண்ணுங்க



"டீச்சர், மகள் ராவு ஒரு மணி வரைக்கும் படிக்கா. ஆனா பாடம் முடியுதில்ல." போன மாதம் ஓர் உம்மா இப்படிச் சொன்னார். பிள்ளை உயர்தரத்தில் புவியியல் படிக்கிறா. வாராந்த வாசிப்புப் பட்டியலைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். கொப்பியைப் பார்த்தபோதுதான் பிழை என்னுடையது என்று விளங்கியது.

வாரத்துக்கு 62 பக்கம். ஆறு நாளால் பிரித்து, நாளுக்குப் பத்துப் பக்கம் என்று எழுதியிருந்தேன். குடித்தொகைப் பாடத்தில் அது சரியாக ஓடியது. நிலவுருவங்கள் வந்ததும் நின்றுவிட்டது. விடுபட்டது நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிப்போய், அந்த அலகு ஒரு தவணை முழுக்கத் தொடப்படவே இல்லை.

பிள்ளையை இருத்தி 20 நிமிடம் வாசிக்கச் சொன்னேன். வசனமாகப் போகும் பக்கங்களில் ஐந்து முடிந்தது. வரைபடம், விளக்கப்படம் உள்ளவற்றில் இரண்டுதான். அதாவது ஒன்றுக்கு நான்கு நிமிடம், மற்றதுக்குப் பத்து நிமிடம். புத்தகத்தை மூடிவிட்டு மூன்று விஷயம் சொல்லச் சொன்னேன், சொன்னா. சொல்ல முடியாவிட்டால் அந்த வேகம் கணக்கில் வராது, திரும்ப அளக்க வேண்டும்.

பிறகு பாடத்திட்டத்தை எடுத்தோம். அதில் ஒவ்வொரு தேர்ச்சி மட்டத்துக்கும் எத்தனை பாடவேளை என்று போட்டிருக்கும். பலரும் பார்க்காத நிரல் அது. பாடவேளை கூடின, ஆனால் பின்தங்கிய அலகும், வகுப்பில் இந்த வாரம் நடக்கப்போவதும் முதலாம் தரம். மீட்டல் இரண்டாம் தரம். மேலதிகக் கைந்நூல் மூன்றாம் தரம்.

வார நாட்களில் இஷாவுக்குப் பிறகு 40 நிமிடம், சனிக்கிழமை 100 நிமிடம். மொத்தம் ஐந்து மணித்தியாலம். நாங்கள் நிரப்பியது நான்கு மட்டும். வீட்டில் விருந்தாளி வருவாங்க, கரண்ட் போகும்.

முதலாம் தரத்தில் குடித்தொகை 10 பக்கம், 40 நிமிடம், திங்கள். நிலவுருவங்கள் 12 பக்கம், 120 நிமிடம்; நான்கு நான்கு பக்கமாக செவ்வாய், புதன், வியாழன். இரண்டாம் தரத்தில் குறிப்பு 5 பக்கம், 20 நிமிடம், வெள்ளி. குடியிருப்புகள் 15 பக்கம், ஒரு மணித்தியாலம், சனி. மிச்சம் 20 பக்கம் கைந்நூல், 80 நிமிடம். அதை அடுத்த வாரத்துக்கு விட்டோம்.

ஒரே தரத்துக்குள் மட்டும்தான் குறைந்த நேரம் முன்னுக்கு வர வேண்டும். தரத்தைப் பாராமல் சின்னதையெல்லாம் முதலில் முடித்தால், கஷ்டமான பெரிய பாடம் எப்போதும் கடைசியில் கிடக்கும். நீளமானதை 40 நிமிடத் துண்டாக்குவது அதற்காகத்தான். இரண்டு வாரம் தள்ளிப்போனது எதுவானாலும் மூன்றாம் வாரம் திங்களுக்கு வரும்.

இது வாசிக்கும் நேரம் மட்டும்தான். கடந்தகால வினாத்தாள் செய்வதற்கு வேறு நேரம் வேண்டும். இதற்குள் திணிக்க வேண்டாம்.

மூன்று வாரத்தில் நிலவுருவங்கள் அலகு முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை இப்போது பத்தரைக்குப் படுக்கிறா என்று உம்மா சொன்னார். என்னிடம் பழைய பட்டியல் வாங்கிப் போன மற்றப் பிள்ளைகளும் ஒருக்கா அதைக் கொண்டு வாங்க, திருத்தித் தாறேன்.